மடித்த டி-ஷர்ட்டில் இடம் மாறிய லோகோ: Displace வைத்து மாக்கப் செய்த ஒரு ஆர்டரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் நிறுவனங்களுக்குப் பரிசுப் பெட்டி செய்து கொடுக்கும் ஒரு சின்ன யூனிட். பெட்டிக்குள் ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட், ஒரு வெள்ளை மக். இரண்டிலும் வாங்கும் நிறுவனத்தின் லோகோ இருக்கும். பிரிண்டுக்குப் போகும் முன் வாடிக்கையாளருக்கு, பொருளின் படத்தில் லோகோவைப் பொருத்திக் காட்டும் மாக்கப் படம் அனுப்பி ஒப்புதல் வாங்குவது அங்கே வழக்கம். ஏனென்றால் ஸ்கிரீன் போட்டு அடித்த பிறகு "இன்னும் கொஞ்சம் மேலே இருக்கலாமே" என்று சொன்னால் அந்தச் செலவு யூனிட்டின் தலையில்தான் விழும்.

இந்த ஆர்டரில் டி-ஷர்ட் ஆறு நிறம்: வெள்ளை, கறுப்பு, நேவி, கிரே மெலாஞ்ச், பாட்டில் கிரீன், மெரூன். ஆறையும் கடையில் அடுக்கி வைப்பது மாதிரி மடித்து, கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, இடப்பக்கம் மேலிருந்து ஒரு சாஃப்ட்பாக்ஸ் வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தார்கள். லோகோ இடது மார்பில், 80 மில்லிமீட்டர் அகலம். மடித்த சட்டையின் அகலம் 25 சென்டிமீட்டர், படத்தில் அது ஏறத்தாழ 2000 பிக்சல். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். இந்தக் கணக்கைத்தான் கடைசிவரை அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

மாக்கப்பைச் செய்தவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு இளைஞர். ஃபோட்டோஷாப் நன்றாகத் தெரிந்தவர்தான். ஆறு படத்தையும் ஒரே முறையில் செய்து அனுப்பினார். மறுநாள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பதில் வந்தது: ஒவ்வொரு நிறத்திலும் லோகோ ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது, கறுப்பில் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கிறது, மக்கில் லோகோ உடைந்து தெரிகிறது. யூனிட் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டது அப்போதுதான். "தம்பி ஒரே இடத்துலதான் வச்சேன்னு சொல்றான், படத்துல பார்த்தா அப்படி இல்ல, நீங்க வந்து ஃபைலைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

ஃபைலைத் திறந்தபோது கண்டது

தம்பி சொன்னது உண்மை. ஆறு ஃபைலிலும் காலர் தையலிலிருந்து லோகோவின் மேல் விளிம்பு வரை உள்ள தூரத்துக்கு ஒரே கைடு போட்டு, அதில் ஒட்டித்தான் லோகோவை வைத்திருந்தார். லோகோவை மடிப்புக்கு ஏற்ப வளைக்கும் Displace ஃபில்டரை அணைத்தால் ஆறிலும் அச்சாக ஒரே இடம். ஃபில்டரைப் போட்டதும் வெள்ளைச் சட்டையில் லோகோ மேலேயும் இடதுபுறமாகவும் ஏறிவிடுகிறது, கறுப்பில் கீழேயும் வலதுபுறமாகவும் இறங்கிவிடுகிறது.

அவர் செய்த முறை எல்லோரும் செய்வதுதான். சட்டைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, PSD ஆகச் சேமித்து, லோகோ லேயரில் Filter > Distort > Displace போய், கிடைமட்டம், செங்குத்து இரண்டு அளவையும் 30 என்று வைத்து, அந்த PSD-ஐ வரைபடமாகக் காட்டியிருந்தார். முதலில் இருக்கும் 10 என்ற அளவு இவ்வளவு பெரிய படத்தில் கண்ணுக்கே தெரியவில்லை, அதனால் 30 ஆக்கினேன் என்றார். அதிலும் தவறில்லை.

சிக்கல் எங்கே என்று புரிய, இந்த ஃபில்டர் வரைபடத்தை எப்படிப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மடிப்பும் தெரியாது, துணியும் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் சாம்பல் எண், அதாவது கறுப்புக்கு 0 முதல் வெள்ளைக்கு 255 வரை உள்ள எண், என்ன என்று பார்க்கும். 128 என்றால் லோகோவை அசைக்காது. அதைவிட வெளுப்பாக இருந்தால் மேலே இடப்பக்கம் தள்ளும், இருட்டாக இருந்தால் கீழே வலப்பக்கம் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு:

```
shift (px) = (gray - 128) × scale ÷ 100
```

வெள்ளைச் சட்டையில், மடிப்பே இல்லாத சமமான இடத்தில், சாம்பல் எண் 215 இருந்தது. 215-இலிருந்து 128 போக 87, அதை 30-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 26 பிக்சல். கறுப்பில் அதே இடத்தில் எண் 35. அங்கே மைனஸ் 28 பிக்சல். ஆக, துணி நன்றாக விரிந்து கிடக்கும் இடத்திலேயே வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் மேல்கீழாக 54 பிக்சல், பக்கவாட்டிலும் 54 பிக்சல் வித்தியாசம் வந்துவிடுகிறது. சட்டையில் அது கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். ஆறு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர் அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

கறுப்பில் ஸ்டிக்கர் மாதிரி தெரிந்ததற்கும் காரணம் இதே கணக்குதான். வெள்ளைச் சட்டையில் மடிப்பின் இருட்டுப் பக்கம் 150, வெளிச்சப் பக்கம் 235. வித்தியாசம் 85, அதனால் லோகோவின் கோடு 25 பிக்சல் வரை வளைகிறது. கறுப்பில் இருட்டுப் பக்கம் 20, வெளிச்சப் பக்கம் 55. வித்தியாசம் 35 தான், வளைவு 11 பிக்சலைத் தாண்டவில்லை. மொத்தமாகத் தள்ளியது அதிகம், மடிப்புக்கு வளைந்தது குறைவு. வரைபடத்தில் துணியின் நிறம், விளக்கின் வெளிச்சம், மடிப்பு மூன்றும் கலந்து கிடந்தன. நமக்கு வேண்டியது மூன்றாவது மட்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் லோகோ எழுத்துகளின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தது. சிங்கிள் ஜெர்சி துணியின் பின்னல் வரிசை இந்தப் படத்தில் சுமார் 6 பிக்சலுக்கு ஒன்று வருகிறது. அவர் வரைபடத்தை மங்கலாக்கியது 2 பிக்சல் அளவில்தான், அதனால் ஒவ்வொரு பின்னலையும் ஃபில்டர் ஒரு குட்டி மடிப்பாக எடுத்துக்கொண்டு எழுத்தைக் கடித்துவிட்டது.

டி-ஷர்ட்டுக்கு எடுத்த முடிவுகள்

முதலில் உரிமையாளர் கேட்டது, லோகோவையே ஒவ்வொரு படத்திலும் கையால் நகர்த்தி சரிசெய்துவிட்டால் என்ன என்று. செய்யலாம், இந்த ஆர்டர் முடிந்துவிடும். ஆனால் லோகோவைத் தொட்டு நகர்த்தி, Displace-ஐத் திரும்பப் போட்டு, மறுபடி அளந்து என்று ஒவ்வொரு நிறத்துக்கும் அலைய வேண்டும். கறுப்பின் தட்டையான தோற்றமும் அதனால் மாறாது. அதனால் வரைபடத்தையே திருத்துவது என்று முடிவு செய்தோம்.

இதற்கு Filter > Other > High Pass பொருத்தமாக இருந்தது. அந்த ஃபில்டர் கொடுத்த ஆரத்தைவிடப் பெரிய வெளிச்ச மாற்றங்களை எல்லாம் நீக்கிவிட்டு, மிச்சத்தை நடுச்சாம்பலின் மேல் வைத்துத் தருகிறது. நடுச்சாம்பல் என்றால் 128, Displace-க்கு அசைவில்லாத எண்ணும் அதுவேதான். வெள்ளைச் சட்டையானாலும் கறுப்பானாலும் சமமான இடம் 128-க்கு வந்து நின்றுவிடும், லோகோ வைத்த இடத்தில் நிற்கும்.

ஆரம் எவ்வளவு என்பதை மடிப்பை அளந்து முடிவு செய்தோம். இந்தச் சட்டைகளில் பெரிய மடிப்பின் அகலம் 10 முதல் 13 மில்லிமீட்டர், அதாவது 80 முதல் 100 பிக்சல். அதனால் High Pass ஆரம் 100. இதை 20 என்று வைத்துப் பார்த்தபோது மடிப்பின் உடம்பு காணாமல் போய் ஓரக் கோடு மட்டும் மிஞ்சியது, லோகோ வளையாமல் நடுங்கியது மாதிரி ஆனது. 400 என்று வைத்தால் சாஃப்ட்பாக்ஸின் வெளிச்சம் திரும்ப உள்ளே வந்துவிடுகிறது.

அப்புறம் பின்னலை நீக்க Gaussian Blur 6 பிக்சல். பின்னல் வரிசைக்குச் சமமான அளவு, அதற்குக் குறைந்தால் ரம்பப் பல் திரும்ப வருகிறது. இதில் பிரிண்ட் வகையையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த ஆர்டர் பிளாஸ்டிசால் இங்கில் ஸ்கிரீன் பிரிண்ட். அந்த இங்க் துணியின் மேல் ஒரு படலமாக உட்காரும், சின்னச் சுருக்கத்தை எல்லாம் அமுக்கிவிடும். ஷீட்டில் அச்சடித்து வெப்பத்தால் துணியில் ஒட்டும் DTF என்றால் இன்னும் விறைப்பு, மங்கலை இன்னும் கூட்ட வேண்டும். துணிக்குள் இறங்கும் வாட்டர் பேஸ் இங்க் என்றால் குறைக்கலாம். கண்ணுக்கு அழகாக வளைந்த லோகோ, நிஜத்தில் அப்படி வளையாத இங்கில் வரப்போகிறது என்றால் அந்த மாக்கப்பால் பயன் இல்லை.

High Pass-க்குப் பிறகு வரைபடம் வெளிறிப் போய் இருந்தது, எண்கள் 100-க்கும் 160-க்கும் நடுவில். Levels-இல் இடது முனையை 78, வலது முனையை 178 என்று இழுத்தோம். நடுக் குமிழியைத் தொடவில்லை. இரண்டு முனையும் 128-இலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் 128 நகராது, 100 என்பது 56 ஆகும், 160 என்பது 209 ஆகும். ஒரு முனையை மட்டும் இழுத்தால் லோகோ மறுபடி மொத்தமாக நகர ஆரம்பிக்கும். இதன் பிறகு Displace அளவு 20 போதுமாக இருந்தது. லோகோ 14 முதல் 16 பிக்சல் வளைந்தது, சட்டையில் 2 மில்லிமீட்டர்.

கறுப்பிலும் நேவியிலும் மட்டும் இது போதவில்லை. மடிப்பு இருக்கும் இடத்திலேயே எண் வித்தியாசம் இல்லாதபோது Levels-ஐ இழுத்தால் கேமராவின் இரைச்சல்தான் பெரிதாகிறது. நல்லவேளையாக அந்த இரண்டு சட்டையும் மடித்தபடியே டேபிளில் இருந்தன, ட்ரைபாடும் அசையவில்லை. எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் கூட்டி இன்னொரு படம் எடுத்தோம். அது வரைபடத்துக்கு மட்டும். வாடிக்கையாளர் பார்க்கும் படம் பழையதே. சட்டையை யாராவது தொட்டிருந்தால் இந்த வழி கிடையாது, ஏனென்றால் அப்போது மடிப்பே வேறு.

நிழல்

வளைவு சரியான பிறகும் லோகோ துணியின் மேல் மிதந்தது. வடிவம் மடிப்போடு போகிறது, வெளிச்சம் போகவில்லை. வெள்ளைச் சட்டையில் லோகோவை Multiply ஆக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் கறுப்புச் சட்டையில் லோகோ வெள்ளை இங்க், அதை Multiply ஆக்கினால் லோகோவே மறைந்துவிடும்.

அதனால் High Pass செய்த படத்தின், மங்கலாக்குவதற்கு முந்தைய பிரதியை எடுத்து, லோகோவுக்கு மேல் லேயராக வைத்து, லோகோவோடு கிளிப் செய்து, Soft Light ஆக்கினோம். அந்த முறையிலும் நடுச்சாம்பல் எதையும் மாற்றாது. மடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் இங்க் வெளுக்கும், இருளும். துணியின் பின்னலும் கொஞ்சம் தெரியும், அது இங்கே வேண்டியதுதான். ஆனால் சுத்தமான வெள்ளை எண்ணான 255-ஐ Soft Light இருட்டாக்காது. அதனால் வெள்ளை இங்கை 235-க்குக் குறைத்துக்கொண்டோம். நிஜ பிளாஸ்டிசால் வெள்ளையும் இந்த வெளிச்சத்தில் தாள் மாதிரி பளிச்சென்று இருக்காது.

ஃபில்டரால் முடியாத ஒரு மடிப்பு

மெரூன் சட்டையில் ஒரு ஆழமான மடிப்பு லோகோவின் நடுவே குறுக்காகப் போனது. பேக்கிங்கில் விழுந்த மடிப்பு, துணி உள்ளே போய் வெளியே வருகிறது. அந்த இடத்தில் துணியின் ஒரு பட்டை கேமராவுக்கே தெரியாது, அப்படியென்றால் அதன் மேல் இருக்கும் லோகோவின் ஒரு பட்டையும் தெரியக் கூடாது. Displace புள்ளிகளை நகர்த்தும், மறைக்காது. அது தந்த படத்தில் எழுத்தின் தண்டு பள்ளத்தின் மேல் பாலம் போட்டது மாதிரி விடாமல் போனது.

இதைக் கையால்தான் செய்தோம். பள்ளத்தின் கோட்டைப் பென் டூலால் வரைந்து, லோகோவை இரண்டு லேயராக்கி, ஒன்றுக்குக் கோட்டுக்கு மேல் பகுதி மாஸ்க், இன்னொன்றுக்குக் கீழ்ப் பகுதி மாஸ்க். கீழ்ப் பாதியை மாஸ்க்கை விட்டுவிட்டு லோகோவை மட்டும் 12 பிக்சல் மேலே ஏற்றினோம். எழுத்தில் 1.5 மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் போய்விட்டது. கோட்டின் மேல் ஒரு மெல்லிய நிழல். பார்த்தவுடன் நம்பும்படி இருந்தது, ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டையை வேறு மாதிரி மடித்திருந்தால் இந்த வேலையே இல்லை.

மக்

மக்கிலும் தம்பி அதே முறையைப் போட்டிருந்தார். அங்கே அது வேறு விதமாகக் கெட்டிருந்தது. லோகோவின் கீழே ஒரு நேர்கோடு இருக்கும். அந்தக் கோடு மக்கின் இடப்பக்கம் சாஃப்ட்பாக்ஸ் பிரதிபலிக்கும் செங்குத்துப் பட்டையைத் தொட்டதும் ஒரு படி மேலே ஏறி, பட்டை முடிந்ததும் கீழே இறங்கியது. "உடைந்து தெரிகிறது" என்று வாடிக்கையாளர் சொன்னது இதைத்தான்.

துணியில் வெளிச்ச மாற்றம் மடிப்பின் சரிவோடு சேர்ந்தே வருகிறது, அதனால் வெளிச்சத்தை மேடுபள்ளமாக எடுத்துக்கொண்டாலும் கண் நம்பிவிடுகிறது. பளபளப்பான மக்கில் அந்தப் பட்டை விளக்கின் பிரதிபலிப்பு, அங்கே மக் புடைக்கவில்லை. High Pass-உம் உதவாது, பட்டையின் ஓரம் கூர்மையாக இருப்பதால் அது அப்படியே தங்கிவிடும். ஆகவே மக்கின் படத்திலிருந்து வரைபடம் எடுப்பதையே விட்டுவிட்டோம். மக் ஒரு உருளை, அதன் வடிவம் நமக்கு ஏற்கெனவே தெரியும்.

இவர்கள் வாங்கும், வெப்பத்தால் சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் மக்கின் விட்டம் 82 மில்லிமீட்டர், ஆரம் 41. லோகோ மக்கின் மேல் 80 மில்லிமீட்டர் அகலம் என்றால், நடுவிலிருந்து ஒரு பக்கம் 40. நேரே நின்று பார்க்கும்போது அந்த 40 எங்கே தெரியும் என்பதற்கு சைன் கணக்கு போட்டோம்: நடுவிலிருந்து 20 மில்லிமீட்டரில் இருப்பது 19.2-இல் தெரியும், 30-இல் இருப்பது 27.4-இல், 40-இல் இருப்பது 33.9-இல். பாதி தூரம் வரை ஏறத்தாழ ஒன்றுமே மாறவில்லை, சுருக்கம் எல்லாம் ஓரத்தில். லோகோவை மொத்தமாக அகலம் குறைத்தால் ஏன் போலியாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் பதில். இந்த இடங்களில் கைடு போட்டு, Edit > Transform > Warp-இல் கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் அதன் கைடுக்கு இழுத்தோம்.

மேல்கீழ் வளைவுக்குப் படத்தையே அளந்தோம். கேமரா கொஞ்சம் மேலிருந்து பார்ப்பதால் வாய் விளிம்பு ஒரு தட்டையான நீள்வட்டம், அடி விளிம்பு அதைவிடக் கூடுதலாக வளைந்திருக்கும். லோகோவின் மேல் விளிம்பு வாயின் வளைவுக்கும் கீழ் விளிம்பு அடியின் வளைவுக்கும் நடுவில், தன் உயரத்துக்கு ஏற்ற அளவில் வளைய வேண்டும். Warp-இன் Arc-இல் ஒரே வளைவைக் கொடுத்தால் கீழ்க்கோடு மட்டும் ஏதோ சரியில்லாதது போல் தோன்றும், என்ன என்று சொல்லத் தெரியாது.

கடைசியாக அந்த வெளிச்சப் பட்டை. சப்ளிமேஷனில் சாயம் மேல்பூச்சுக்குள் இறங்குகிறது, பளபளப்பு அதற்கு மேலேயே இருக்கிறது. அதனால் பட்டையை மக் படத்திலிருந்து பிரித்து லோகோவுக்கு மேல் Screen ஆக வைத்தோம். லோகோவின் மேல் வெளிச்சம் ஓடியதும் அது மக்கில் ஒட்டிக்கொண்டது.

பின்னர் நடந்தது

மாற்றிய படங்களில் காலரிலிருந்து லோகோ வரை மறுபடி அளந்தபோது நிறங்களுக்கு இடையே வித்தியாசம் 3 பிக்சலுக்குள் இருந்தது, அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வாடிக்கையாளர் ஐந்து நிறத்துக்கும் மக்குக்கும் ஒப்புதல் கொடுத்தார். மெரூனில் லோகோ நடுவில் மடிப்பு இருப்பதால் எழுத்தைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது, மடிப்பில்லாத படம் வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. சட்டையை வேறு மாதிரி மடித்து மறுபடி படம் எடுத்தார்கள்.

அந்தப் புதிய படத்தில் ஒரு விஷயம் நடந்தது. வரைபடத்தைச் சேமித்த பிறகு படத்தின் ஓரத்தை யாரோ க்ராப் செய்துவிட்டார்கள். Displace-இல் Stretch To Fit இருந்ததால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, வரைபடத்தைப் புதிய அளவுக்கு இழுத்துப் பொருத்திவிட்டது. மடிப்பு ஒரு இடத்தில், லோகோவின் வளைவு அதற்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி. வரைபட PSD-ஐயும் படத்தையும் திறந்து Image Size-ஐ ஒப்பிட்ட பிறகே தெரிந்தது. வரைபடத்தைப் புதிதாக எடுத்துச் சரிசெய்தார்கள்.

இப்போது மாற்றியிருப்பது

படம் எடுக்கும்போதே ஒவ்வொரு கறுத்த நிறத்துக்கும் எக்ஸ்போஷர் கூட்டிய ஒரு படத்தைச் சேர்த்து எடுக்கிறார்கள், சட்டையைத் தொடும் முன். க்ராப் முதல் வேலை, வரைபடம் அதற்குப் பின். High Pass-இலிருந்து சேமிப்பது வரை ஒரு Action ஆகப் பதிவு செய்தாயிற்று. ஆனால் அதில் ஆரத்தையும் மங்கல் அளவையும் கேட்டு நிற்கும்படி தம்பி வைத்திருக்கிறார், துணி மாறினால் அவை மாறும் என்பதால்.

வரைபடம் தயாரானதும் இன்னொரு சோதனையும் செய்கிறார்கள். லோகோவுக்குப் பதிலாக ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட லேயரை வைத்து Displace-ஐ ஓட்டுவது. சமமான துணியில் கட்டம் நகர்ந்திருந்தால் வரைபடத்தின் நடு 128-இல் இல்லை. கோடுகள் நடுங்கினால் மங்கல் போதவில்லை. மடிப்பின் மேல் ஏற வேண்டிய கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் விளக்கு வலப்பக்கம் இருந்திருக்கிறது, கிடைமட்ட அளவை மட்டும் மைனஸ் ஆக்கினால் போதும்.

அடுத்து ஒரு காலர் டி-ஷர்ட் ஆர்டர் வந்திருக்கிறது, பிக்கே துணி. அதன் கண்ணிகள் ஜெர்சியைவிடப் பெரியவை, 6 பிக்சல் மங்கலில் கட்டம் இன்னும் நடுங்குகிறது. 10-க்குப் போனால் நடுக்கம் நிற்கிறது, ஆனால் சின்ன மடிப்புகளும் சேர்ந்து போய்விடுகின்றன. அந்த லோகோ எம்ப்ராய்டரி என்பதால் 10-லேயே விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன், நூல் தைத்த இடத்தில் துணி அவ்வளவு சின்னதாக மடியாது.